எதைச் சுருக்குவது?

எங்கள் வாடிக்கையாளர் கடிதப் பிரிவுக்கு வரும் மின்னஞ்சல்களில் ஒரு வகை உண்டு. “இதைச் சுருக்கித் தரவும். இன்று மாலைக்குள் வேண்டும்.” அவ்வளவுதான். கீழே பெயர் இருக்கும். சில வேளைகளில் கைப்பேசி எண்ணும் இருக்கும். ஆனால் ‘இதை’ என்று சுட்டப்பட்ட பொருள் எங்கும் இராது. இணைப்பும் இல்லை, மின்னஞ்சலின் உடலில் ஒட்டப்பட்ட வாசகமும் இல்லை.

இத்தகைய செய்திக்கு நாங்கள் உடனே சுருக்கம் எதையும் அனுப்புவதில்லை. முதலில் ஒரு கேள்வியை அனுப்புகிறோம். சிலருக்கு இது வருத்தம் தருகிறது. “சுருக்குவது அவ்வளவு பெரிய வேலையா? கேட்டதைச் செய்யாமல் கேள்வி கேட்கிறீர்களே” என்று எழுதியவர்களும் உண்டு. அவர்களுடைய அவசரம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆயினும் அந்தக் கேள்வியைத் தவிர்த்தால் என்ன நேரும் என்பதைப் பணம் சம்பந்தப்பட்ட ஓர் எடுத்துக்காட்டின் வழியாக விளக்க விரும்புகிறோம். பின்வருவது பலரது கடிதங்களில் நாங்கள் கண்ட கூறுகளைச் சேர்த்து நாங்களே அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. குறிப்பிட்ட எவருடைய கதையும் அன்று.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பெங்களூரில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று கொள்வோம். மார்ச் 3ஆம் நாள் மாலை 6.40 மணிக்கு, வீட்டருகே உள்ள வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் ரூ.10,000 எடுக்க முயல்கிறார். இயந்திரம் சற்று நேரம் ஓசை எழுப்பிவிட்டு நின்றுவிடுகிறது. பணம் வெளியே வரவில்லை. ஆனால் கணக்கில் ரூ.10,000 கழிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. ஒரு வாரம் காத்திருந்துவிட்டு, மார்ச் 10 அன்று நம் கிளைக்குக் கடிதம் எழுதுகிறார்: பணம் வரவில்லை, கழித்த தொகையைத் திருப்பித் தாருங்கள் என்பது அதன் சாரம். மார்ச் 20 அன்று ரூ.10,000 அவர் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்படுகிறது.

இதோடு விஷயம் முடிந்ததாகத் தோன்றும்; முடியவில்லை. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், அத்தொகை பரிவர்த்தனை நாளுக்குப் பிந்தைய 5 நாள்களுக்குள் தானாகவே திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 வீதம் வாடிக்கையாளருக்கு இழப்பீடு உண்டு. வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் வங்கியே அதை வரவு வைக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் உள்ளது. நம் ஆசிரியையின் கணக்கில் மார்ச் 8ஆம் நாளுக்குள் பணம் வந்திருக்க வேண்டும்; வந்ததோ 20ஆம் நாள். 9ஆம் நாள் முதல் 20ஆம் நாள் வரை எண்ணினால் 12 நாள்கள். ஆக, ரூ.1,200 அவருக்குச் சேர வேண்டியது. அது வரவில்லை.

எனவே மார்ச் 22 அன்று அவர் இரண்டாவது கடிதம் எழுதுகிறார். ஒன்றரைப் பக்கம். மருந்து வாங்கப் பணம் எடுக்கச் சென்றது, காவலாளி “இந்த இயந்திரம் காலையிலிருந்தே இப்படித்தான்” என்றது, முழங்கால் வலியோடு இரு முறை கிளைக்கு வந்தது, ஒருமுறை இரண்டு மணி நேரம் நிற்க வைக்கப்பட்டது, மகள் இணையத்தில் தேடி விதியைக் கண்டது, நாள் கணக்கு, கடைசியில் ரூ.1,200 கோரிக்கை. கடிதத்தை இணையப் புகார்ப் படிவத்தில் இட முயன்றபோது விவரப் பெட்டி அதை ஏற்கவில்லை. 500 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை என்கிறது. கிளையில் உதவி மேசை அலுவலரிடம் தொலைபேசியில் சொல்கிறார். “அனுப்புங்கள் அம்மா, சுருக்கித் தருகிறோம்” என்கிறார் அலுவலர். மார்ச் 24 அன்று அலுவலர் முன்பு அனுப்பியிருந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக ஆசிரியையின் செய்தி வருகிறது: “இதைச் சுருக்கித் தரவும். இன்று மாலைக்குள் வேண்டும்.” இணைப்பு இல்லை.

இனி அலுவலரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர் சோம்பேறி அல்லர், உதவ விரும்புகிறவர். அவருடைய கோப்பில் அந்த அம்மையாரின் கடிதம் ஒன்று இருக்கிறது: மார்ச் 10ஆம் நாள் கடிதம். இரண்டாவது கடிதம் எழுதப்பட்டதே அவருக்குத் தெரியாது. தொலைபேசியில் “என் கடிதம்” என்று மட்டுமே பேச்சு நடந்தது. மாலைக்குள் வேண்டும் என்கிறார். மறுபடி எழுதிக் கேட்டால் ஒரு நாள் போய்விடுமோ என்ற தயக்கம். கையிலிருக்கும் கடிதத்தை எடுத்து, அழகாக நான்கு வரியில் சுருக்கி அனுப்பிவிடுகிறார்: மார்ச் 3 அன்று பணம் வரவில்லை, ரூ.10,000 கழிந்தது, திருப்பித் தரவும்.

ஆசிரியையும் முழுமையாக நம்பி அதை அப்படியே படிவத்தில் ஒட்டி அனுப்பிவிடுகிறார். சிறிய எழுத்து, கைப்பேசித் திரை, மாலை நேரம். வரி வரியாக யார் பார்க்கிறார்கள்? புகாரைப் பரிசீலிக்கும் பிரிவு கணக்கைத் திறந்து பார்க்கிறது. கோரிய தொகை ரூ.10,000. மார்ச் 20 அன்று ரூ.10,000 வரவு வைக்கப்பட்டிருக்கிறது. ‘தொகை ஏற்கெனவே வரவு வைக்கப்பட்டது’ என்று எழுதிப் புகாரை முடித்துவிடுகிறது. அந்தப் பிரிவின் மேல் குறை சொல்ல இடமில்லை. அவர்கள் முன் வந்த வாசகத்திற்கு அது சரியான விடைதான். ரூ.1,200 பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இனி அவர் மறுபடி எழுதினால், முடிந்துபோன புகாரை மீண்டும் எழுப்புகிறவர் என்ற தோற்றத்தோடுதான் அக்கடிதம் படிக்கப்படும்.

இங்கே நடந்ததை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அலுவலர் சுருக்கிய விதத்தில் பிழை ஒன்றும் இல்லை. மொழி நன்று, தேதி சரி, தொகை சரி. வேறொரு கடிதத்தைச் சுருக்கிவிட்டார் என்பது மட்டுமே பிழை. இவ்வகைப் பிழையைச் சுருக்கத்தைப் படித்துக் கண்டுபிடிக்கவே முடியாது. மூலத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். மூலமோ அலுவலரிடம் இல்லை. மோசமாகச் சுருக்கப்பட்ட வாசகம் படிப்பவரை உறுத்தும், உடனே திருப்பி அனுப்பப்படும். தவறான மூலத்தை நன்றாகச் சுருக்கிய வாசகம் யாரையும் உறுத்தாமல் கடைசிவரை போய்விடும்.

இரண்டு கடிதம் இருக்கும் ஒருவரிடத்திலேயே இவ்வளவு. உண்மையில் ‘இதை’ என்ற சொல்லுக்குள் வேறு பொருள்களும் ஒளிந்திருக்கலாம். நாங்கள் அவருக்கு அனுப்பிய நான்கு பக்க விளக்கக் கடிதம் நீளமாக இருக்கிறது, அதைச் சுருக்கித் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். ஓராண்டுக் கணக்கு அறிக்கையை மூன்று மாதத்திற்கு மட்டும் கேட்டிருக்கலாம். வீட்டுக் கடன் வைத்திருக்கும் ஒருவர் ‘குறைத்துத் தரவும்’ என்று எழுதினால் அது கடிதத்தைப் பற்றியதே அல்லாமல் தவணைக் காலத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம். ரூ.20 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் காலத்தை 15 ஆண்டாகக் குறைத்தால், மாதத் தவணை ரூ.17,356 என்பது ரூ.19,695 ஆக உயரும். வட்டியில் மொத்தம் ஆறு லட்சத்துக்கு மேல் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் அவர் கேட்டது மாதத் தவணையைக் குறைக்க என்றால், நாம் தயாரித்த அட்டவணை அவர் கேட்டதற்கு நேர் எதிரானது. எழுதியவருக்கு இந்த ஐயங்கள் ஒன்றும் தோன்றாததில் வியப்பில்லை. அவர் கண்முன் அந்தக் காகிதம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே ‘இதை’ என்று தட்டச்சு செய்கிறார்.

வேறு சிலர் கேட்பார்கள்: மூலம் இல்லாவிட்டால் என்ன, எப்படிச் சுருக்குவது என்ற பொது வழிகளையாவது எழுதி அனுப்பலாமே? அதையும் நாங்கள் செய்வதில்லை. ‘தேவையற்ற சொற்களை நீக்குக, சிறு வாக்கியங்களாக எழுதுக’ என்ற அறிவுரையை வைத்துக்கொண்டு அந்த ஆசிரியை என்ன செய்வார்? ஒன்றரைப் பக்கத்தில் எது தேவையற்றது என்பதுதான் அவருடைய சிக்கல். மாலைக்குள் படிவம் நிரப்ப வேண்டியவருக்குப் பாடம் நடத்துவது உதவி ஆகாது. பதில் வந்துவிட்டது என்ற தோற்றத்தை மட்டும் தந்து அவர் நேரத்தையும் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே கேள்விதான் வழி. ஆனால் எந்தக் கேள்வியும் ஆகிவிடாது. ‘தங்கள் கோரிக்கையைத் தெளிவாகக் கூறவும்’ என்று ஒரு வரி அனுப்பினால், தாம் தெளிவாகவே கூறியிருப்பதாக நினைக்கும் அவர் அதே செய்தியை மறுபடி அனுப்புவார். இணைப்பு மறுபடியும் விடுபடும். மறுபக்கம், எட்டுக் கேள்விகள் கொண்ட பட்டியலை அனுப்பினால் அவர் ஒன்றுக்கு மட்டும் விடை எழுதுவார், அல்லது கிளைக்கே நேரில் வந்துவிடுவார். எங்கள் அனுபவத்தில், நல்ல கேள்விக் கடிதம் இரண்டு செயல்களைச் செய்கிறது. என்ன வந்து சேரவில்லை என்பதை நேராகச் சொல்கிறது. தனக்குத் தெரிந்ததைச் சொல்லி, எது என்று தேர்ந்தெடுக்க வைக்கிறது. நம் எடுத்துக்காட்டில் அலுவலர் இப்படி எழுதியிருக்கலாம்:

“வணக்கம் அம்மா. தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது; ஆனால் அதனுடன் கடிதம் வந்து சேரவில்லை. என்னிடம் தங்கள் மார்ச் 10ஆம் நாள் கடிதம் மட்டுமே உள்ளது. சுருக்க வேண்டியது அதுவா, அதன்பின் எழுதியதா? பின்னதாயின் அதை மின்னஞ்சலிலேயே ஒட்டியோ படம் எடுத்தோ அனுப்புங்கள். இணையப் புகார்ப் படிவத்தில் இடுவதற்குத்தானே? அனுப்பியதும் இன்று மாலைக்குள் தந்துவிடுகிறேன்.”

படிக்க அரை நிமிடம். விடை எழுதவும் அவ்வளவே. ‘மார்ச் 10ஆம் நாள் கடிதம் மட்டுமே’ என்ற சொற்கள்தான் இதில் முக்கியமானவை என்போம். அவற்றைப் படித்ததுமே ஆசிரியைக்கு, தாம் மனத்தில் கொண்ட கடிதம் அலுவலர் கையில் இல்லை என்பது விளங்கிவிடும். கேள்வியை வெறுமனே கேட்டிருந்தால், ‘ஆம், என் கடிதம்தான்’ என்ற விடை வந்து, பழைய குழப்பமே நீடித்திருக்கும்.

எதற்காகச் சுருக்குகிறோம் என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுவதற்குக் காரணம் உண்டு. ஆசிரியையின் இரண்டாவது கடிதம் வந்து சேர்ந்துவிட்டது என்றே கொள்வோம். புகார்ப் படிவத்திற்கு என்றால் அது இவ்வாறு சுருங்கும்:

“மார்ச் 3 மாலை 6.40 மணிக்கு வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் ரூ.10,000 எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்தது. மார்ச் 20 அன்று ரூ.10,000 திரும்ப வந்தது. வந்திருக்க வேண்டிய கடைசி நாள் மார்ச் 8. 12 நாள் தாமதத்திற்கு நாளொன்றுக்கு ரூ.100 வீதம் ரூ.1,200 இழப்பீடு வரவில்லை. அதை வரவு வைக்கக் கோருகிறேன்.”

முழங்கால் வலியும் காவலாளியின் சொல்லும் இதில் இல்லை. புகாரைப் பரிசீலிப்பவர் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியவை நாள், நேரம், தொகை, கோரிக்கை ஆகியவையே. அவற்றுள் ஒன்றைக்கூட விடக் கூடாது. குறிப்பாக மார்ச் 20 என்ற நாளை விட்டுவிட்டால் 12 நாள் கணக்கு நிற்காது. மார்ச் 3 என்பதை விட்டால் 8ஆம் நாள் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பரிவர்த்தனைக் குறிப்பு எண் கையில் இருந்தால் அதையும் கடைசியில் சேர்க்கலாம்.

ஆனால் அவர் அந்தக் கடிதத்தைச் சுருக்கக் கேட்டது கிளை மேலாளரிடம் நேரில் கொடுப்பதற்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளையில் முதியவர்களை இரண்டு மணி நேரம் நிற்க வைக்கிறார்கள் என்பதுதான் அவருடைய உண்மையான மனக்குறை, ரூ.1,200 இரண்டாம் இடத்தில்தான் வருகிறது. அப்போது மேலே உள்ள சுருக்கம் மிகத் திருத்தமானது. அவருக்குச் சிறிதும் பயன்படாதது. படிவத்திற்காக நாம் வெட்டி எறிந்த பகுதிகள்தாம் மேலாளர் படிக்க வேண்டியவை: எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தார், அமர இருக்கை இருந்ததா, எந்த மேசையில் காத்திருந்தார். இழப்பீட்டுக் கணக்கு ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும். மூலம் ஒன்றே, இரண்டு சுருக்கங்களுக்கும் பொதுவாக மிஞ்சுவது அந்த ஒரு வாக்கியம்தான். எதை நீக்கலாம் என்பது யார் படிக்கப் போகிறார் என்பதைப் பொறுத்தது; மூலத்தைப் பார்த்தால் மட்டும் அது தெரிந்துவிடாது.

‘எவ்வளவு சுருக்கமாக’ என்பதும் இடத்தைப் பொறுத்ததே. இதில் தமிழுக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள். தமிழில் 70 மட்டுமே. செய்தி நீண்டு பல துண்டுகளாகப் போகுமானால், துண்டுகளைச் சேர்ப்பதற்கான குறிப்பும் இடம் பிடிப்பதால், ஒவ்வொன்றிலும் 67. மேலும் கணினி எழுத்தை எண்ணும் விதம் நம் பள்ளிக்கூடக் கணக்கைப் போன்றதன்று. ‘வங்கி’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினி அதில் ஐந்தை எண்ணும்: வ, ங, புள்ளி, க, இகரக் கொக்கி. இக்கணக்கில் மேலே தந்த படிவச் சுருக்கம் ஏறத்தாழ 300 இடங்களைப் பிடிக்கும். 500 இடங்கள் கொண்ட பெட்டியில் வசதியாக அமர்ந்துவிடும். குறுஞ்செய்தியாக அனுப்பினால் ஐந்து துண்டாகும். ‘சுருக்கமாக’ என்ற ஒரு சொல்லுக்கு நான்கு வரி என்று ஒருவரும், ஒரு பக்கம் என்று மற்றொருவரும் பொருள் கொள்வதில் தவறில்லை. எங்கே இடப்போகிறார் என்று தெரிந்துவிட்டால் அளவு தானே தெரிந்துவிடும். அதனால்தான் எத்தனை எழுத்து என்று கேட்பதைவிட, எங்கே இடுவதற்கு என்று கேட்பதை நாங்கள் விரும்புகிறோம்.

எல்லாச் சமயத்திலும் கேள்வி வேண்டுமா என்றால், இல்லை. அலுவலர் பத்து நிமிடத்திற்கு முன் ஒரு வரைவை அனுப்பியிருந்து, அதற்குக் கீழேயே ‘இன்னும் சுருக்கமாக’ என்று பதில் வந்தால், எது என்பதில் ஐயமே இல்லை. அப்போதும் ‘எதைச் சுருக்க?’ என்று கேட்பது எரிச்சலூட்டும். செய்து அனுப்ப வேண்டியதுதான். ‘நீங்கள் அனுப்பியதை’, ‘மேலே உள்ளதை’, ‘நேற்றைய கடிதத்தை’ போன்ற சொற்கள் இருந்து, சுட்டப்பட்டது ஒன்றே ஒன்றாகவும் இருந்தால் தயக்கம் வேண்டாம். வெறும் ‘இதை’ என்றிருந்து, கண்முன் ஒன்றும் இல்லாமலோ ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தோ, அவற்றுள் எதுவென்று தெரியாதபோதுதான் கேள்வி கட்டாயமாகிறது. நம் எடுத்துக்காட்டில் கோப்பில் ஒரு கடிதம் இருந்ததே என்று கேட்கலாம். அது அலுவலரிடம் இருந்த கடிதம். அந்த மின்னஞ்சலோடு வந்த கடிதம் அன்று. இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது.

இணைப்பு ஏன் இவ்வளவு அடிக்கடி விடுபடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அனுப்புகிறவரின் கவனக்குறைவு காரணமன்று. மின்னஞ்சலில் ‘ரிப்ளை’ அழுத்திப் பதில் எழுதினால், முந்தைய மின்னஞ்சலில் இருந்த இணைப்புகள் பொதுவாக உடன் செல்வதில்லை. ‘ஃபார்வர்டு’ செய்தால் செல்லும். பலரும், பழைய மின்னஞ்சலின் வாசகம் கீழே தெரிவதைக் கண்டு இணைப்பும் கூடவே போகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். மகள் தன் மின்னஞ்சலிலிருந்து அனுப்பிய கோப்பை, அம்மா ‘ரிப்ளை’ செய்து வங்கிக்கும் முகவரி சேர்த்து அனுப்பினால், வங்கிக்கு வருவது வாசகம் மட்டுமே. வாட்ஸ்அப்பிலும் இப்படி ஒன்று உண்டு. ஒரு படத்தைச் சுட்டிப் பதிலாக எழுதிய செய்தியை வேறொருவருக்கு ஃபார்வர்டு செய்தால், பதில் மட்டும் போகும்; சுட்டிய படம் போகாது. அனுப்பியவரின் திரையில் படமும் பதிலும் ஒன்றாகவே தெரிவதால், பெறுபவருக்கும் அப்படியே தெரியும் என்று நம்பிவிடுவார். பெரிய கோப்புகளைச் சில மின்னஞ்சல் சேவைகள் இணைப்பாக அனுப்பாமல் ஓர் இணையச் சுட்டியாக மாற்றிவிடும். வெளியிலிருந்து வரும் சுட்டிகளைப் பாதுகாப்புக் கருதி எங்கள் அலுவலர்கள் திறப்பதில்லை.

ஆதலால், கடிதம் சிறியதாயின் அதை மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டிவிடுவது எல்லாவற்றினும் எளிது. கையால் எழுதியதாயின் பகல் வெளிச்சத்தில் பக்கத்திற்கு ஒரு படம் எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் எண் இட்டு அனுப்புங்கள். பக்கங்கள் முன்பின்னாக வந்து நாள் வரிசை குழம்புவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ‘இதை’ என்பதற்குப் பதில் ‘மார்ச் 22ஆம் நாள் கடிதத்தை’ என்று நாளைக் குறித்து எழுதினால், இணைப்பு விடுபட்டாலும் எது விடுபட்டது என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு நாள் குறிப்பு இருந்திருந்தால், நம் எடுத்துக்காட்டில் வந்த அலுவலர் தம் கோப்பைத் திறந்ததுமே நின்றிருப்பார்.

மூலத்தை மறுபடி அனுப்பச் சொல்லி நாங்கள் கேட்கும்போது, தாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கடிதத்தில் அட்டையின் முழு எண் இருக்குமானால், கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் விட்டு மற்றவற்றை மறைத்துவிடுங்கள். கடிதம் சுருக்குவதற்கு இரகசிய எண்ணோ, அட்டையின் பின்புற மூன்று இலக்கமோ, ஓ.டி.பி.யோ ஒருபோதும் தேவைப்படாது. கடிதம் கேட்கும் சாக்கில் இவற்றில் ஒன்றையேனும் எவரேனும் கேட்டால், கேட்பவர் வங்கி ஊழியர் அல்லர். எங்கள் கேள்வி எப்போதும் தாங்கள் எழுதிய அதே மின்னஞ்சலுக்குப் பதிலாகவே வரும். புதிய முகவரியிலிருந்தோ தெரியாத கைப்பேசி எண்ணிலிருந்தோ வந்தால் விடை எழுதாமல், கிளையைத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சுருக்கம் கைக்கு வந்ததும், படிவத்தில் ஒட்டுவதற்கு முன், மூலக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்களை மட்டுமாவது ஒப்பிட்டுவிடுங்கள். ஆசிரியையின் சுருக்கத்தில் இருக்க வேண்டிய நாள்கள் மூன்று: 3, 8, 20. தொகைகள் மூன்று: 10,000, 100, 1,200. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், மூலத்தில் இல்லாத ஒன்று நுழைந்திருந்தாலும், அனுப்பாமல் எங்களுக்குத் திருப்பி அனுப்புங்கள். இம்முறை மூலக் கடிதத்தையும் இணைத்து.